அம்மாவின் பதினான்கு பக்க ஆல்பம்

கேள்வி: என் அம்மாவுக்கு டிமென்ஷியா. வாரந்தோறும் போகிற என்னையே "நீ யார்?" என்று கேட்கிறார். பெயர் எழுதிய போட்டோ ஆல்பம் செய்து கொடுத்தால் எங்களை அடையாளம் கண்டுகொள்வாரா?

அடையாளம் கண்டுகொள்வார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான், 79 வயது. அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிறுதோறும் போய் வருகிறேன். நோய் தெரிந்த முதல் இரண்டு ஆண்டுகளில் பெயர்கள்தான் தவறின. முகம் தெரியும், பெயர் வராது. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் வாசல் ஏறிய என்னைப் பார்த்து, "அக்கா, கடையத்துல இருந்து எப்ப வந்த?" என்று கேட்டார். கடையம் என் பெரியம்மை வாழ்ந்த ஊர். பெரியம்மை காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அன்று ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அந்த அழுகையைக் குறைத்தது மருத்துவர் தந்த ஒரு விளக்கம். டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால் அண்மைய ஆண்டுகள் முதலில் போகின்றன. இளமைக் காலம் நெடுநாள் தங்குகிறது. அம்மாவின் மனத்தில் அவருடைய மகள் ரெட்டைச் சடையும் ரிப்பனுமாகப் பத்து வயதில் நிற்கிறாள். எதிரே வந்து நிற்பதோ தலை நரைத்த, 53 வயதுப் பெண். அந்த முகத்துக்கு மகள் என்ற இடம் பொருந்தவில்லை, அக்கா என்ற இடம் பொருந்துகிறது. ஆக, என் முகத்திலுள்ள குடும்பச் சாயலை அம்மாவின் கண் சரியாகவே பிடித்திருக்கிறது. அதை வேறொரு காலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆல்பத்துக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா, கண்ணாடியின் பவர் சரியாக இருக்கிறதா, நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து முகம் இருட்டாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். முகம் பிடிபடாத சில நேரங்களில் குரல் பிடிபடும். நான் இப்போதெல்லாம் தெருவாசலிலேயே, "அம்மா, ஒங்க மக வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிறேன். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டோம். அந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொன்னதே இல்லை. சேலை முந்தானையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் நான் செய்த ஆல்பம் வீணாயிற்று. ஏறக்குறைய நூறு படங்கள். கல்யாண வீட்டுக் கூட்டப் படங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை. கீழே பொடி எழுத்தில் "குற்றாலம், 2004" போன்ற குறிப்புகள். உறையில் விளக்கு வெளிச்சம் பட்டு முகங்கள் மறைந்தன. தெரிந்த முகங்களும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக முப்பது நின்றதால், எதைப் பார்ப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நாலைந்து பக்கம் வேகமாகத் தள்ளிவிட்டு மூடிவைத்தார்.

இரண்டாவதில் பதினான்கு பக்கங்கள் மட்டும் வைத்தேன். கெட்டியான வெளிர்மஞ்சள் அட்டை, ஒரு பக்கத்துக்கு ஒரே ஆள், பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்ட படம், அதன்கீழ் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் விரல் பருமனுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியை அம்மா பேசுவதுபோலவே எழுதினேன்: "இவள் என் மகள். பள்ளிக்கூடத்து டீச்சர்." முகங்களை மறந்த பிறகும் எழுத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் பலருக்கு நெடுநாள் நிற்கிறது, எட்டாம் வகுப்பு வரை படித்த என் அம்மாவுக்கும் நின்றது. பெயர் எழுதுவதன் பயனே அதில்தான் இருக்கிறது. நினைவில் தேட வேண்டிய விடை கண்ணெதிரே இருப்பதால், தோற்கும் நிலை வருவதில்லை.

எனக்கு மட்டும் அடுத்தடுத்து மூன்று பக்கங்கள் ஒதுக்கினேன்: பத்து வயதில், கல்யாணத்தன்று, இப்போது. மூன்றின் கீழும் "இவள் என் மகள்" என்ற அதே சொற்களே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுத்தின்கீழ் விரலை வைத்து மூன்று பக்கங்களையும் வாசித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு நிமிர்ந்து என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒனக்கும் நெத்தி அவள மாதிரியே இருக்கு" என்றார். நான்தான் அவள் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகளைப்பற்றி என்னிடமே பேசினார். அவள் கணக்கில் கெட்டிக்காரி என்றும், ஆற்றில் இறங்கப் பயப்படுவாள் என்றும் சொன்னார். நான் யார் என்று தெரியாத அந்த நிலையிலும் என்மீது அவருக்கிருந்த பாசம் குறையவில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். உங்களுக்கும் ஆல்பம் தரக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். பார்க்கப்போகிறவர்களுக்கு உட்கார்ந்து செய்ய ஒரு காரியமும், பேச ஒரு தொடக்கமும் கிடைக்கின்றன. முன்பு ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடும் என் மதினியின் பிள்ளைகள் இப்போது அரை மணி நேரம் ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள்.

இறந்தவர்களின் பக்கத்தை யோசித்து எழுதுங்கள். அப்பா சைக்கிளோடு நிற்கும் படத்தின்கீழ், "இவர் என் வீட்டுக்காரர். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தார்" என்று மட்டுமே எழுதினேன். "காலமானார்" என்று எழுதியிருந்தால், பக்கத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அது புதுச் செய்தியாக வந்து விழுந்திருக்கும். "அவிய எங்க?" என்று அவர் கேட்டால், "அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று நான் கேட்பேன், பேச்சு மில் சங்குக்கும் தூக்குவாளிக்கும் போய்விடும். அம்மாவின் இன்றைய படத்தை எடுத்துவிட வேண்டியிருந்தது. "இந்தக் கிழவி யாரு?" என்று கலங்கினார், இருபது வயதுப் படத்தை வைத்ததும் சிரித்தார்.

இரண்டு நிலைகளில் ஆல்பத்தை நம்பாதீர்கள். நேற்றுவரை தெரிந்த முகங்கள் ஓரிரு நாளில் திடீரென்று தெரியாமல் போய், அவர் தூங்கி வழிந்தாலோ பிதற்றினாலோ, சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை போன்றவை காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றொன்று, "நீ என் மகளைப்போல இருக்கிறாய், ஆனால் அவள் இல்லை, வேஷம் போட்டு வந்திருக்கிறாய்" என்று சொல்வது. இதில் முகம் தெரிகிறது, ஆனால் அதோடு வர வேண்டிய சொந்த உணர்வு வருவதில்லை. ஆல்பத்தைச் சாட்சியாக நீட்டினால் சந்தேகம்தான் வளரும். வெளியே போய்விட்டுச் சற்று நேரம் கழித்துக் குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

நோயை ஆல்பம் நிறுத்தாது. இந்த ஆண்டு அம்மாவுக்கு வாசிப்பும் குறைந்துவிட்டதால் பதினான்கு பக்கங்களை ஐந்தாக்கியிருக்கிறோம். வரியை நான் வாசிக்கிறேன். அம்மா சைக்கிள் படத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருக்கிறார். அந்த மூலையில் மை மங்கிவிட்டது. அசல் படங்களை ஒட்டாமல் பிரதி எடுத்து ஒட்டியிருந்ததால், சென்ற வாரம் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சிட்டு வைத்தேன்.