இன்டர்ன்ஷிப்பின் முதல் மாதம்: கேட்கப் பயம்

"யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்து மூன்று வாரம். தெரியாமல் என்னை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம்."

கேட்காமல் இருப்பதுதான் அந்தப் பயத்தை வளர்க்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கும் இதே கதை. புரொஜெக்ட் என் கணினியில் ஓடவே இல்லை. டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்றது. இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் முழித்தேன். கடைசியில் ஓர் அண்ணா பார்த்துவிட்டு, டேட்டாபேஸோடு இணைவதற்கான விவரங்கள் இருக்கும் `.env` கோப்பை அனுப்பினார். கடவுச்சொற்கள் இருப்பதால் அதைக் கிட்ஹப்பில் போடுவதில்லை. கேட்டு வாங்கினால்தான் உண்டு. நானோ என் மூளையைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

ஆகவே, சிக்கியிருப்பது அந்த நிறுவனத்துக்கே உரிய விஷயம் என்றால் உடனே கேளுங்கள். பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியது என்றால் அரை மணி நேரம் முயன்றுவிட்டு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள். சில வேளை எழுதும்போதே விடை தெரிந்துவிடும். பதிலைக் கொப்பியில் குறித்துவையுங்கள். அதே கேள்வியை மூன்றாம் தடவையும் கேட்க நேர்ந்தால் அது வெறும் பயமில்லை, சரி, அந்தப் பகுதியை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.