மீட்ட பிறகும் திரும்பி வரும் சூதாட்ட விளம்பரங்கள்

“சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட ஆலயத்தின் வேர்ட்பிரஸ் அகப்பக்கத்தைக் காப்பு நகலிலிருந்து மீட்டேன். சில நாளில் சூதாட்ட விளம்பரங்கள் மறுபடியும் வந்துவிட்டன. ஏன்?”

வணக்கம் ஐயா. விளம்பரம் தெரிவதற்கு முன்பே ஊடுருவியவர், மீண்டும் நுழைவதற்கான ஒரு பின்வாசல் கோப்பை வைத்திருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் காப்பு நகலிலும் அது இருக்கக்கூடும். படங்களுக்குரிய கோப்புறையில் பிஎச்பி கோப்பு பொதுவாக இருக்கக் கூடாது என்பதால், வேர்ட்பிரஸ் நிறுவப்பட்ட கோப்புறையிலிருந்து இந்தக் கட்டளையை இட்டு, முதலில் அங்கே தேடுங்கள்:

```
find wp-content/uploads -name "*.php"
```

வெறுமையான `index.php` கிடைத்தால் அஞ்ச வேண்டாம். மற்றவற்றைத் திறந்து பாருங்கள். எதுவும் அகப்படாவிட்டாலும் தளம் தூய்மையானது என்று பொருளில்லை. ஆகவே தரவுத்தளத்தையும் படங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, வேர்ட்பிரஸையும் செருகுநிரல்களையும் வார்ப்புருவையும் அவற்றின் மூலத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். அறிமுகமில்லாத நிர்வாகிக் கணக்குகளை நீக்கி, எல்லாக் கடவுச்சொற்களையும், `wp-config.php` கோப்பிலுள்ள இரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள்.

பயன்படுத்தாத செருகுநிரலை முடக்கினால் போதாது, அதன் கோப்புகள் வழங்கியிலேயே கிடப்பதால் அழித்தே விடுங்கள். மற்றவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். இனிக் காப்பு நகல்களை வழங்கிக்கு வெளியே, சில மாதங்களுக்குப் பின்னோக்கிச் செல்லும்படி சேமித்து வாருங்கள்.