பனீர் தண்ணீரில் ரிக்கோட்டா ஏன் வராது?

“காட்டேஜ் சீஸ், க்ரீம் சீஸ், ரிக்கோட்டா மூன்றும் ஒன்றுதானா? பனீர் செய்து மிஞ்சும் தண்ணீரில் ரிக்கோட்டா எடுக்கலாமா?”

மூன்றும் வேறு வேறு. பனீர் தண்ணீரில் ரிக்கோட்டா வராது. நானும் ஒருமுறை இரண்டு லிட்டர் பாலின் பனீர் தண்ணீரை அரை மணி நேரம் காய்ச்சிப் பார்த்தேன்; அடியில் கொஞ்சம் தூள் படிந்தது, அவ்வளவுதான்.

காரணம் பாலின் புரதத்தில் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். புளிப்போ, பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் என்ற நொதியோ பட்டால் அது கட்டியாகிவிடும். மிச்சம் 20 சதவீதம் தண்ணீரோடு போகும் புரதம். அது புளிப்புக்கு மட்டும் திரியாது, நல்ல சூடும் வேண்டும். பனீருக்குப் பாலைக் கொதிக்க வைத்து எலுமிச்சை பிழிகிறோம். அந்தக் கொதியிலேயே இந்தப் புரதம் கேசீனோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள் போய்விடுகிறது. தண்ணீரில் மீதி பெரிதாக எதுவும் இல்லை.

இத்தாலியில் ரிக்கோட்டா என்றால் ‘மறுபடி காய்ச்சியது’ என்று பொருள். அங்கே வெதுவெதுப்பான பாலில் ரென்னெட் சேர்த்துச் சீஸ் எடுப்பார்கள். பால் கொதிக்காததால் அந்தப் புரதம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதைப் புளிப்பதற்குள், அன்றே 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கினால் பஞ்சு போல மேலே மிதந்து வரும். கிளறாமல் அள்ளி, துளையுள்ள கூடையில் வடியவிட வேண்டும். மூன்று நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்னக் கிண்ணம் தேறினாலே அதிகம். காணொளிகளில் முழுப் பாலில் வினிகர் ஊற்றி ‘ரிக்கோட்டா’ செய்கிறார்களே, அது அழுத்தாத பனீர். ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அசல் ரிக்கோட்டாவின் இனிப்பு வராது.

காட்டேஜ் சீஸுக்குக் கொழுப்பு நீக்கிய பாலில் உறை ஊற்றி, துளி ரென்னெட்டும் சேர்த்துத் தோய விடுவார்கள். கெட்டியானதும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஐம்பது டிகிரிக்குச் சற்று மேல் வரை மெதுவாகச் சூடேற்றுவார்கள். இதில் அவசரப்பட்டால் துண்டின் வெளிப்பக்கம் ரப்பராகி, உள்ளே தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அப்புறம் குளிர்ந்த நீரில் அலசி, உப்பும் க்ரீமும் கலப்பார்கள். அலசுவதால்தான் புளிப்பு குறைகிறது. நம் ஓட்டல் மெனுவில் பனீரைக் காட்டேஜ் சீஸ் என்று எழுதுகிறார்களே, அது இதுவல்ல.

க்ரீம் சீஸ் கிட்டத்தட்ட நம் கெட்டித் தயிர் வழிதான். பாலோடு நிறைய க்ரீம் சேர்த்து உறை ஊற்றி, வெட்டாமல் துணியில் கட்டித் தொங்கவிடுவது. அமெரிக்க விதிப்படி 33 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும். அதனால்தான் வெறும் பால் தயிரைத் தொங்கவிட்டுச் சீஸ்கேக் செய்தால் புளிப்பாகவும் வறண்டும் போகிறது. வீட்டில் செய்வதானால் பாலும் க்ரீமும் சரிசமமாக எடுங்கள், உறை ஒரு ஸ்பூன் போதும், தோய்ந்ததும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இரவு முழுக்க வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குக் காலையில் புளித்திருக்கும்.