ஊதிய உயர்வு வரும் மாதம்

கேள்வி: வயது 45. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு 55,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 30,000. மகளின் கல்லூரிச் செலவு தனி. பி.எஃப். கணக்கில் 4 லட்சம் இருக்கிறது, மாதம் 4,750 சேர்கிறது. வேறு சேமிப்பு இல்லை. இனி மாதம் 15,000 ஒதுக்க முடியும். விட்டதைப் பிடிக்க முழுவதையும் சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டில் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். 15,000 ரூபாயை மாறாமல் 15 ஆண்டு கட்டி, ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதம் கிடைத்தால் 60 லட்சம் சேரும். அதே 10 சதவீதத்தில், கட்டும் தொகையை மட்டும் ஆண்டுக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் சுமார் 1.07 கோடி. தொகையைக் கூட்டாமலே இதை எட்ட, ஃபண்ட் ஏறக்குறைய 17 சதவீதம் தர வேண்டும். நண்பர் உங்களை அந்த எதிர்பார்ப்பில்தான் இறக்குகிறார். ஸ்மால்கேப் பாதியாகச் சரியும் காலமும் வரும். 58 வயதில் அப்படி நேர்ந்தால் மீண்டுவரக் காத்திருக்க உங்களுக்கு ஆண்டுகள் இருக்காது.

10,000 ரூபாயை, பெரிய நிறுவனப் பங்குகளின் நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணையாகவும், 5,000 ரூபாயை விருப்பப் பி.எஃப். பங்களிப்பாகவும் போடுங்கள். பத்து சதவீதம் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது, உறுதியானதல்ல. உங்கள் கையில் இருப்பது கூட்டும் வேலைதான். 55,000-க்கு 7 சதவீத ஊதிய உயர்வு வந்தால் 3,850 ரூபாய். முதல் ஆண்டு அதில் 1,500 எடுத்து வைத்தால் போதும். உயர்ந்த சம்பளம் வந்த மாதமே எஸ்.ஐ.பி. தொகையை மாற்றிவிடுங்கள். இரண்டு மாதம் தள்ளினால் அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு செலவு பிறந்துவிடும். கடைசி ஆண்டில் 57,000 கட்ட வேண்டியிருக்கும். மகள் படிப்பு முடிந்தபின் மிஞ்சுவதும் அதில் சேர வேண்டும். பாதி வேகத்தில், ஐந்து சதவீதமே கூட்டினாலும் 79 லட்சம் வரும்.

வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீத வட்டியே நீடித்தால், இருக்கும் 4 லட்சம் மட்டும் 13 லட்சமாகும். மாதம் சேரும் 4,750-உம் சேர்ந்தால் 29 லட்சம்.

ஆக, 60 வயதில் ஏறக்குறைய 1.36 கோடி. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 30,000 ரூபாய்ச் செலவு அன்று 72,000 ஆகிவிடும். மீதிப் பணம் 7 சதவீதம் ஈட்டினாலும், 77 வயதுவாக்கில் தீர்ந்துவிடும். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர் நீங்கள். 63 வரை இரண்டு மூன்று சிறு கடைகளுக்குக் கணக்கு பார்த்து, அன்றாடச் செலவை அதிலேயே ஓட்டி, சேர்த்ததைத் தொடாமல் விட்டால் 80 வரை தாங்கும். அந்தக் கடைகளை 57, 58 வயதிலேயே தேடத் தொடங்குங்கள்.