ஹீமோபிலியாவில் பி.டி. ஏன் நார்மல்?

"நர்சிங் இரண்டாம் வருஷம். ஹீமோபிலியா ஏ நோயாளிக்கு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனைகளில் ஏ.பி.டி.டி. மட்டும்தான் கூடியிருக்கு, பி.டி. நார்மல். வெளிவழி சரியாக இருந்தால் அது வழியாகவே ஃபைப்ரின் உருவாகி ரத்தம் நிற்கலாமே?"

உங்களைக் குழப்புவது, உள்வழி, வெளிவழி என்ற இரண்டு கிளைகள் பொதுவழியில் சேர்வதாகக் காட்டும் புத்தகத்திலுள்ள ஒய் வடிவப் படம். அது சோதனைக் குழாய்க்குத்தான் பொருந்தும்.

உடம்பில் காயம் பட்டதும் திசுக்காரணி 7-ஆம் காரணியோடு சேர்ந்து 10-ஐத் தூண்டுகிறது. இது வெளிவழி. பொதுவழி அங்கிருந்து தொடங்குகிறது: 10, 5-இன் துணையோடு புரோத்ராம்பினை த்ராம்பினாக்கும். ஃபைப்ரின் பிறக்கும் இடம் இதற்கு அடுத்த படி. கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனின் நுனிகளை த்ராம்பின் வெட்ட, அவை ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. 13-ஆம் காரணி அந்த இழைகளைப் பிணைக்கிறது.

ஆனால் டி.எஃப்.பி.ஐ. என்ற தடுப்பான் வெளிவழியைச் சீக்கிரமே மூடிவிடும். அதற்குள் கிடைத்த கொஞ்ச த்ராம்பின் 11, 8, 5 ஆகியவற்றைத் தூண்டுகிறது. 11 தூண்டிய 9-உம் 8-உம் சேர்ந்துதான் 10-ஐ ஏராளமாக உண்டாக்கும். இதுதான் உள்வழியின் உண்மையான வேலை. உங்கள் நோயாளிக்கு 8 இல்லை. அதனால் த்ராம்பின் பெருகாது, ஃபைப்ரின் வலை நலிவாகவே நிற்கும். தட்டணுக்கள் சரியாக இருப்பதால் சின்னக் கீறலில் ரத்தம் நின்றுவிடும், மூட்டுக்குள் கசிவது நிற்காது.

பி.டி. குழாயில் திசுக்காரணியைத் தாராளமாகக் கொட்டுகிறோம். அதனால் 8-இன் உதவி தேவைப்படுவதற்கு முன்பே, முதல் இழை தோன்றியதும் கடிகாரம் நின்றுவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை: 12-ஆம் காரணி இல்லாதவருக்கும் ஏ.பி.டி.டி. எக்கச்சக்கமாகக் கூடும், ஆனால் ரத்தக்கசிவே இருக்காது. பரீட்சையில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.