ஆலாய், சிஎன்ஜி, சவுண்ட் சிஸ்டம்: கம்பெனிக்குச் சொல்லணுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். காரில் புதிதாக ஏதோ மாட்டியாயிற்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் 30 வருடம் வண்டி சர்வே செய்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சிலருக்குப் பிடிக்காது.

கே: சார், ஆலாய் வீல் போட்டா இன்சூரன்ஸ் வருமா? (காளவாசல் வாசகர்)

எந்த வண்டி, எந்த வருட மாடல், பாலிசி முழு பாலிசியா வெறும் தேர்டு பார்ட்டியா, ஒன்றும் எழுதவில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் ஆலாய்க்கு மட்டுமல்ல, உங்கள் காருக்கே ஒரு பைசா வராது. வைத்தியரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்கிற மாதிரி இருக்கிறது. அடுத்த முறை பாலிசியின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கே: நான் வாங்கிய டாப் மாடலிலேயே ஆலாய் வந்தது. தனியாகச் சொல்ல வேண்டுமா? (கே.கே. நகர்)

வேண்டாம். கார் கம்பெனி விலைப்பட்டியலில் உள்ள விலைக்குள் வந்தது எல்லாம் ஐடிவியில், அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பில், அடங்கிவிட்டது.

கே: ஷோரூமிலேயே டெலிவரிக்கு முன்னால் ஆலாய் மாட்டித் தந்தார்கள். அதுவும் அப்படித்தானே? (திருமங்கலம்)

இல்லை. பலரும் இடறி விழுகிற இடம் இதுதான். ஷோரூம் மாட்டியதால் அது கம்பெனி சாமான் ஆகிவிடாது. பில்லைப் பாருங்கள். ஆலாய்க்குத் தனி பில், அல்லது 'அக்சஸரீஸ்' என்று தனி வரி இருந்தால் அது எக்ஸ் ஷோரூம் விலைக்குள் இல்லை. பாலிசி ஷெட்யூலில் நான்-எலக்ட்ரிக்கல் அக்சஸரீஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பூஜ்யம் இருந்தால், உங்கள் 40,000 ரூபாய் ஆலாய் இன்சூரன்ஸ் கம்பெனியின் கண்ணில் இல்லவே இல்லை. பள்ளத்தில் விழுந்து ரிம் விரிசல் விட்டால், மாடலோடு வந்த இரும்பு வீலின் விலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பில் நகலோடு ஒரு மெயில் போட்டு எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியில் அதைச் சேர்த்ததற்கான தாள், வாங்குங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

கே: 15 அங்குலத்தை எடுத்துவிட்டு 16 போடலாமா? கடைக்காரர் தாராளமாகப் போடலாம் என்கிறார். (ஒத்தக்கடை)

கடைக்காரர் வேறு என்ன சொல்வார்? டயரோடு சேர்த்து மொத்த விட்டம் மாறாமல் இருந்தால் போடலாம். உங்கள் 185/65 R15 டயரின் விட்டம் 621 மில்லிமீட்டர். 195/55 R16 போட்டாலும் அதே 621 தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அதுவே 195/60 R16 என்று போட்டால் 640 ஆகிவிடும். சக்கரம் பெண்டரில் உரசும், மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். விபத்துக்குப் பிறகு வருகிற சர்வேயர் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைத்தான் முதலில் குறித்துக்கொள்வார். டயர் பெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், உங்களுக்கு எதிரான வாதத்தை நீங்களே சம்பளம் கொடுத்து மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கே: சிஎன்ஜி கிட் போட்டு எட்டு மாதம் ஆகிறது. ஆர்சியில் ஏற்றவில்லை, இன்சூரன்ஸுக்கும் சொல்லவில்லை. இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. இனிமேல் சொன்னால்தான் பிரச்சினை வரும் என்கிறார் நண்பர். (உசிலம்பட்டி)

"இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை." இந்த வாக்கியத்தை எரிந்துபோன வண்டிகளின் பக்கத்தில் நின்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உங்கள் நண்பரை விடுங்கள். ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

செக்கானூரணி தாண்டி, ரோட்டோரம். நாலு வயது பெட்ரோல் கார், ஐடிவி சுமார் 3,80,000. நான் போனபோது பானெட் பெயின்ட் எல்லாம் உரிந்து வெள்ளைத் தகடாக நின்றது, உள்ளே டாஷ்போர்டு உருகி வழிந்திருந்தது. பாலிசியில் எரிபொருள் 'பெட்ரோல்'. ஆனால் பேட்டரி பக்கத்தில் கேஸ் நிரப்புகிற வால்வு இருந்தது. எஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டின் ஓரம் கேஸ் அழுத்தத்தைக் குறைக்கிற ரெட்யூசர், அதன் ஹோஸ் கருகிப் போய்க் கிளாம்ப் மட்டும் வெறும் வளையமாகத் தொங்கியது. எரிப்பு அதிகம் இருந்ததும் அந்த மூலையில்தான். பேட்டரி முனைகள் உருகவே இல்லை. டிக்கியில் சிலிண்டர் முழுசாக இருந்தது. அதன் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் கடைசி பரிசோதனைத் தேதி ஐந்து வருடத்துக்கு முன்னால்! வண்டியைவிட சிலிண்டருக்கு வயது அதிகம். பழைய சிலிண்டரைத் துடைத்து மாட்டியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டிய சாமான் அது. உள்ளே 200 பார் அழுத்தத்தில் கேஸ் நிற்கிறது, அதாவது கார் டயரில் உள்ள காற்றைப் போலக் கிட்டத்தட்ட 90 மடங்கு.

உரிமையாளர் சொன்னார், "ஷார்ட் சர்க்யூட் சார், கேஸ் இல்ல." ஃபிட்டிங் பில் கேட்டேன். அரைத் தாளில் '62,000 வரவு' என்று எழுதி ஒரு கையெழுத்து. ஜிஎஸ்டி எண் இல்லை, கிட்டின் அங்கீகார எண் இல்லை, சிலிண்டர் எண் இல்லை.

நான் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். கம்பெனி க்ளெய்மை மறுத்தது. வண்டியின் தன்மையே மாறியிருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை, ஆர்சியிலும் இல்லை, தீ தொடங்கியதும் அந்த இடத்தில்தான் என்று மூன்று வரி. மனிதர் அதற்குப் பிறகும் கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் மிச்சம் பிடித்த தொகையைப் பார்ப்போம். பழைய டாரிஃப் கணக்கில் கிட்டின் மதிப்பில் 4 சதவீதம் ஒரு வருட பிரீமியம், இன்றைக்கும் பல கம்பெனிகள் அந்த அளவிலேயேதான் போடுகின்றன. 62,000க்கு 2,480. தேர்டு பார்ட்டி பக்கம் கூடுதலாக 60. கிட் மாட்டிய அன்றைக்கு அவர் பாலிசியில் ஆறு மாதம்தான் மிச்சம், ஆகவே பாதி, ஜிஎஸ்டியோடு சேர்த்து ஏறக்குறைய 1,500 ரூபாய். அந்த 1,500க்காக 3,80,000 போயிற்று.

இப்போது உங்கள் கதை. முதலில் கிட் அங்கீகாரம் பெற்றதா, அதுவும் உங்கள் வண்டி மாடலுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று ஃபிட்டரிடம் சான்றிதழ் கேளுங்கள். முழுப் பில்லும், சிலிண்டர் எண்ணும் பரிசோதனைத் தேதியும் உள்ள சான்றும் வேண்டும். பிறகு வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் எரிபொருள் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆர்சியில் 'பெட்ரோல்/சிஎன்ஜி' என்று வரும் வரை விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் இது வருகிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்சி கையில் வந்த அன்றைக்கே நகலையும் பில்லையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் செய்யுங்கள். எண்டார்ஸ்மெண்ட் தாள் கைக்கு வரும் வரை சிஎன்ஜியில் ஓட்டாதீர்கள், பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

கடைக்காரர் சான்றிதழ் தர மறுத்தால்? அந்தக் கிட்டைக் கழற்றிவிடுங்கள். எட்டு மாதச் சேமிப்பு போனால் போகட்டும்.

"இனிமேல் சொன்னால்தான் பிரச்சினை" என்ற பேச்சுக்கு ஒரே பதில்: நீங்கள் சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லும். டாஷ்போர்டு பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன சுவிட்ச் போதும், சர்வேயர் வண்டியைச் சுற்றி முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

கே: ஆர்சியில் சிஎன்ஜி ஏற்றியாச்சு, போன வருட பாலிசியிலும் கிட் இருந்தது. இந்த வருடம் வேறு கம்பெனிக்கு மாறினேன். சொல்ல வேண்டுமா? (வாடிப்பட்டி)

நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி. சொல்லத்தான் வேண்டும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது 'வெளியே மாட்டிய கிட் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தானாகவே டிக் விழுந்திருக்கும், அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. பிரீமியம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவீர்கள், குறைந்ததற்குக் காரணம் அதுதான். ஷெட்யூலில் கிட் மதிப்பு எழுதுகிற பை-பியூயல் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கே: செகண்ட் ஹேண்ட் காரில் கிட் இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்? (சோழவந்தான்)

ஆர்சியில் எரிபொருள், சிலிண்டர் தகட்டில் தேதி, பாலிசியில் கிட் மதிப்பு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விலை பேசாதீர்கள். வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள்.

கே: 1000 வாட் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் இரண்டு ஊஃபர். மொத்தம் 55,000 ஆச்சு. இதற்கும் 4 சதவீதமா? (வில்லாபுரம்)

ஆமாம், எலக்ட்ரிக்கல் அக்சஸரீஸ் என்ற கணக்கில் அதேதான். வருடத்துக்கு 2,200, வரி தனி. ஆனால் என் கவலை அது இல்லை. பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஒரு தடித்த சிவப்பு ஒயர் போகும். அதில் பேட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள், ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து இப்போதே பாருங்கள். பலர் ஃபியூஸை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். நடுவில், சீட் ரெயிலுக்கு அடியில், ஒயர் உரசி பாடியைத் தொட்டால் அந்த ஃபியூஸால் எந்தப் பயனும் இல்லை. பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த இடத்தில் இறங்கும், அடுத்து கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். ஃபயர்வாலில் ஒயர் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், இல்லையென்றால் தகட்டின் விளிம்பே ஒயரை அறுத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் தானாகப் பழுதானால் பாலிசி தராது, அது எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன். அதனால் பற்றிய தீக்குத் தர வேண்டும், ஆனால் சொல்லாமல் மாட்டியிருந்தால் அந்த வாதம் உங்கள் பக்கம் நிற்காது.

இரவு பத்து மணிக்கு மேல் அதை முழுச் சத்தத்தில் அலற விட்டால் கேள்வி கேட்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல.

கே: மூன்று வருடப் பழைய 18,000 ரூபாய் மியூசிக் சிஸ்டம் மட்டும் திருடு போய்விட்டது. சொல்லி வைத்திருந்தேன். க்ளெய்ம் போடலாமா? (தெற்குவாசல்)

போலீஸில் புகார் கொடுத்துவிட்டுப் போடலாம். ஆனால் போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். தேய்மானம் கழித்தால் 11,000, 12,000 ரூபாய் மிஞ்சும். கட்டாயக் கழிவு 1,000 அதில் போகும். க்ளெய்ம் போடாததற்குக் கிடைக்கிற தள்ளுபடியான உங்கள் என்சிபி 35 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அடுத்த வருடம் பூஜ்யமாகி, மறுபடி 20லிருந்து ஏற வேண்டும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்றால் அடுத்த வருடம் மட்டும் 3,500 போகும், அதற்கடுத்த வருடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக. பையில் நிற்பது என்ன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: பைக்கில் மாட்டிய ஸ்பீக்கரை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். (மேலூர்)

வராது. இரு சக்கர வண்டியில் அக்சஸரி மட்டும் திருடு போனால் பாலிசி தராது, வண்டியோடு போனால்தான் உண்டு.

கே: எண்டார்ஸ்மெண்ட் கேட்டு மெயில் போட்டேன், ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஏஜென்ட் "அதெல்லாம் தேவையில்லண்ணே" என்கிறார். (அவனியாபுரம்)

"தேவையில்லை" என்பதை அவரை எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார். நீங்கள் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு, முதல் மெயிலின் நகலோடு இன்னொரு மெயில் போடுங்கள். அதற்கும் 30 நாளில் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அந்த முதல் மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.