பட்ஜி கிளியின் அலகில் வெள்ளைப் படிவு: படத்தில் என்ன பார்க்க வேண்டும்?

"என் பட்ஜியின் அலகோரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, காலும் சொரசொரப்பாக இருக்கிறது. படத்தை வைத்தே நோயா என்று கண்டுபிடிக்க முடியுமா?"

ஓரளவு முடியும். ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலும் நேராகவும் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உணவுத் துணுக்கு என்றால் மேலே ஒட்டியிருக்கும், ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். படிவில் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் தெரிந்தால் செதில் பூச்சியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி, அலகிலும் காலிலும் உள்ள கடினத் தோலைத் துளைத்து உள்ளேயே வாழ்கிறது. கரையான் அரித்த மரம் போல, மேலே தெரிவது சிறிய துளைதான், சேதம் உள்ளே ஓடுகிறது. அலகு வளரும் இடமே பாதிக்கப்பட்டால், அது நிரந்தரமாகக் கோணலாக வளரக்கூடும்.

ஆகவே நுண்துளைப் படிவு, கோணல், விரிசல், திடீரென நீளும் அலகு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள். அலகு நீள்வதற்குக் கல்லீரல் கோளாறும் காரணமாகலாம், அதைப் படம் சொல்லாது. செதில் பூச்சியைச் சுரண்டிப் பார்த்து உறுதிசெய்வார்கள். மருந்தின் அளவு பறவையின் எடையைப் பொறுத்தது, நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உள்ளங்காலைக் கீழிருந்து படமெடுங்கள். இயல்பான சொரசொரப்பு மறைந்து, சிவந்து பளபளத்தால் புண்ணின் தொடக்கம். ஒரே பருமனான வழவழப்பான குச்சியில் எப்போதும் நிற்பதே பெரும்பாலும் காரணம். வீக்கமோ கருத்த பொருக்கோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

பலரும் பயப்படுகிற ஒன்று: பெண் பட்ஜியின் மூக்குப் பகுதி இனப்பெருக்கக் காலத்தில் பழுப்பாகித் தடிப்பது நோயல்ல.